நான்கு படங்களிலிருந்து ஒரு சிறுகதை: தொடக்க வகுப்பில் முதன்முறையாக நடத்தவிருப்பவர்களுக்கு

நான்கு படங்களை வரிசையாகக் கொடுத்துக் குழந்தைகளைச் சிறுகதை எழுத வைப்பது எளிய வேலை என்று நினைத்து, எந்த ஆயத்தமும் இல்லாமல் வகுப்புக்குள் சென்றவன் நான். படத்தாள்களைக் கொடுத்தேன், "இதைப் பார்த்துக் கதை எழுதுங்கள்" என்றேன், இரண்டு பாடவேளைகள் கழிந்தன. மாலையில் ஏடுகளைத் திறந்தபோது ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஒரே எழுத்துதான் இருந்தது: "முதல் படத்தில் ஒரு சிறுமி நடக்கிறாள். இரண்டாம் படத்தில் மழை பெய்கிறது. மூன்றாம் படத்தில் ஒரு நாய்க்குட்டி இருக்கிறது." ஒருவர்கூடக் கதை எழுதவில்லை. படத்தில் இருந்ததைத்தான் எழுதியிருந்தார்கள். நானும் அதைத்தான் கேட்டிருந்தேன் என்பது பிறகு புரிந்தது. அதன் பின் பலமுறை மாற்றி மாற்றி நடத்திப் பார்த்து, எங்கே நேரம் வீணாகிறது, எந்த இடத்தில் குழந்தைகள் தடுமாறுகிறார்கள் என்று ஓரளவு அறிந்துகொண்டேன். 8, 9 வயதுக் குழந்தைகள் 30 பேர் உள்ள வகுப்பை மனத்தில் வைத்து, அந்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

1. படங்களைத் தேர்ந்தெடுத்தல்

மற்ற எல்லாப் படிகளையும் விட இதற்கே அதிக நேரம் கொடுங்கள். படங்கள் சரியில்லை என்றால் பின்னால் எவ்வளவு உழைத்தாலும் கதை வராது. அழகாக இருக்கின்றன என்பதற்காகப் படங்களை எடுத்துவிட வேண்டாம். நான்கு படங்களையும் மேசைமேல் கலைத்துப் போட்டுவிட்டு, எண்கள் இல்லாமல் அவற்றை ஒரே ஒரு வரிசையில்தான் அடுக்க முடியுமா என்று சோதித்துப் பாருங்கள். மரத்தில் ஏறும் சிறுவனின் படத்தை இறங்கும் சிறுவனின் படமாகவும் பார்க்கலாம். அப்படி ஒரு படம் இருந்தால் வரிசை குழம்பும். ஒரே வரிசைதான் வர வேண்டும் என்றால், ஒவ்வொரு படத்திலும் பழைய நிலைக்குத் திரும்ப முடியாத மாற்றம் ஒன்றாவது தெரிய வேண்டும். உடைந்த பானை மறுபடி முழுதாவதில்லை. நனைந்த உடை சில நிமிடங்களில் உலர்வதில்லை.

நான் இப்போது பயன்படுத்தும் தொகுப்பை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். கட்டுரை முழுவதும் இதையே வைத்துப் பேசுவேன். முதல் படத்தில், முதுகில் பையும் கையில் மடக்கிய குடையுமாக ஒரு சிறுமி நடந்து வருகிறாள், வானத்தில் கருமேகங்கள். இரண்டாவதில் பெருமழை, சிறுமி குடையை விரித்திருக்கிறாள், சுவரோரம் ஒரு நாய்க்குட்டி நனைந்துகொண்டிருக்கிறது. மூன்றாவதில் விரித்த குடை தரையில் சுவர்மேல் சாய்ந்திருக்கிறது. நாய்க்குட்டி அதன் அடியில் இருக்கிறது. சிறுமி மழையில் நிற்கிறாள். நான்காவதில் அவள் வீட்டு வாசலில் சொட்டச் சொட்ட நிற்கிறாள், கைகள் வெறுமையாக இருக்கின்றன, எதிரே அம்மா துண்டுடன் நிற்கிறார். உலர்ந்த உடை நனைந்தது ஒரு மாற்றம், கையில் இருந்த குடை இல்லாமல் போனது இன்னொரு மாற்றம். இந்த இரண்டும் இருப்பதால் வரிசை மாற வழியில்லை.

இந்தத் தொகுப்பில் நான் மிகவும் கவனித்தது அம்மாவின் முகத்தைத்தான். முதலில் கிடைத்த படத்தில் அவர் அகலமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த குழந்தைகள் அத்தனை பேரும் "அம்மா பாராட்டினார்" என்று முடித்துவிட்டார்கள். பிறகு அம்மா நமக்கு முதுகு காட்டி நிற்பது போல் அந்தப் படத்தை மாற்றி வரைந்துகொண்டேன். அவர் கோபப்படுவாரா, குடை எங்கே என்று கேட்பாரா, பேசாமல் தலையைத் துவட்டிவிடுவாரா என்பதை எழுதுபவரே தீர்மானிக்க வேண்டியதாயிற்று. கடைசிப் படத்தில் பதில் முழுவதையும் வரைந்துவிட்டால் குழந்தைக்கு எழுத எதுவும் மிஞ்சாது.

நீங்களே வரைவதானால், சிறுமியின் உடையும் கூந்தலும் பையும் நான்கு படங்களிலும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒரு படத்தில் இரட்டைச் சடையும் அடுத்ததில் ஒற்றைச் சடையும் இருந்தால், இரண்டு சிறுமிகள் என்று எடுத்துக்கொண்டு எழுதும் குழந்தைகள் நிச்சயம் இருப்பார்கள்.

2. தாள்கள், செலவு

தேவையானவை மிகக் குறைவு. ஓர் ஏ4 தாளை நான்காகப் பிரித்து நான்கு படங்களையும் எண் இல்லாமல் அச்சிட்டால், வெட்டியபின் ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 10 செ.மீ. அகலமும் 15 செ.மீ. உயரமுமாக இருக்கும். இருவருக்கு ஒரு தொகுப்பு போதும். 30 பேருக்கு 15 தாள்கள். எழுதும்போது பார்ப்பதற்கு, எண்கள் இட்ட சிறிய படங்கள் ஒவ்வொருவருக்கும் வேண்டும். ஒரு தாளில் இரண்டு தொகுப்புகளை அச்சிட்டு வெட்டினால் அதற்கும் 15 தாள்களே ஆகும். கிழிந்துபோவதற்கும் தொலைந்துபோவதற்கும் 3 தாள்கள் கூடுதலாக எடுத்து, மொத்தம் 33 நகல்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய துண்டுகளை இட்டு வைக்கப் பழைய உறைகள் 15 இருந்தால், அடுத்த ஆண்டு இந்தச் செலவு திரும்ப வராது. அவற்றோடு படத் துண்டின் அளவிலேயே வெற்றுத் துண்டு ஒன்றையும் ஒவ்வோர் உறையிலும் போட்டு வையுங்கள். அதன் பயன் ஐந்தாம் படியில் வரும்.

எல்லா நகல்களையும் எடுப்பதற்கு முன் ஒரே ஒரு கறுப்பு வெள்ளை நகல் எடுத்துப் பாருங்கள். வண்ணத்தில் தெளிவாக இருந்த மழைக்கோடுகள் என் முதல் நகலில் சாம்பல் நிறப் பின்னணியோடு கலந்து மறைந்துவிட்டன. மழை பெய்கிறதா இல்லையா என்ற கேள்வியிலேயே பத்து நிமிடம் போயிற்று. கதையின் முக்கியமான குறிப்பு நிறத்தை மட்டும் நம்பியிருந்தால் அந்தத் தொகுப்பைக் கறுப்பு வெள்ளையில் கொடுக்க வேண்டாம்.

எண் இட்ட தாளில் படங்களை இரண்டுக்கு இரண்டாக அமைப்பதைவிட ஒரே வரிசையில் அமைப்பது நல்லது. இரண்டுக்கு இரண்டாக இருக்கும்போது சில குழந்தைகள் மேலிருந்து கீழாகப் படித்துவிடுகிறார்கள்.

3. நேரத்தைப் பங்கிடுதல்

40 நிமிடப் பாடவேளைகள் மூன்று வேண்டும்; முடிந்தால் அடுத்தடுத்த மூன்று நாள்களில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் முழுவதும் வரிசைப்படுத்தலும் பேச்சும் மட்டும். இரண்டாம் நாள் எழுதுதல். மூன்றாம் நாள் திருத்தி எழுதுதல். முதல் நாளில் பென்சிலையே வெளியே எடுக்கவிடாமல் இருப்பது ஆசிரியருக்குக் கொஞ்சம் கடினமாகத்தான் இருக்கும், ஏட்டில் எதுவும் இல்லாமல் ஒரு பாடவேளை முடிகிறதே என்று தோன்றும். ஆனால் பேசிப் பார்க்காத கதையை இந்த வயதில் எழுத முடிவதில்லை. மூன்றையும் ஒரே நாளில் அடைக்க முயன்றால், நான் முதலில் பெற்ற "முதல் படத்தில், இரண்டாம் படத்தில்" வாக்கியங்களே உங்களுக்கும் கிடைக்கும்.

4. வரிசைப்படுத்துதல் (10 நிமிடம்)

உறைகளைக் கொடுத்து, இருவர் இருவராக அடுக்கச் சொல்லுங்கள். அடுக்கியதும் சரியா தவறா என்று உடனே சொல்ல வேண்டாம். "இந்தப் படம் இதற்கு முன்னால் வரும் என்று எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று மட்டும் கேளுங்கள். "இதில் உடை நனையவில்லை, அதில் நனைந்திருக்கிறது" என்று ஒரு குழந்தை சொல்லும் தருணத்தில் காரணத்தையும் விளைவையும் சேர்த்துச் சொல்லப் பழகிவிட்டது. நாளை எழுதப்போகும் "ஆனதால்" என்ற வாக்கியம் அதன் வாயில் ஏற்கெனவே வந்துவிட்டது. பத்து நிமிடத்துக்கு மேல் இதை நீட்டிக்க வேண்டாம்.

5. படங்களுக்கு இடையே இருப்பதைப் பேசுதல் (25 நிமிடம்)

இந்தப் படியைத் தவறவிட்டதால்தான் என் முதல் வகுப்பு வீணாயிற்று. நான்கு படங்கள் என்றால் மூன்று இடைவெளிகள். கதை பெரும்பாலும் அந்த இடைவெளிகளில்தான் நடக்கிறது. படங்கள் அது நின்று செல்லும் இடங்களை மட்டுமே காட்டுகின்றன. "படத்தில் என்ன தெரிகிறது?" என்று கேட்டால் பட்டியல்தான் வரும். "இந்தப் படம் முடிந்து அடுத்த படம் வருவதற்குள் என்ன நடந்திருக்கும்?" என்று கேளுங்கள்.

உறையில் இருக்கும் வெற்றுத் துண்டை எடுத்து, இரண்டாம் படத்துக்கும் மூன்றாம் படத்துக்கும் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். இங்கே ஒரு படம் தொலைந்துவிட்டது, அதில் என்ன வரைந்திருக்கும் என்று கேட்டால் குழந்தைகள் உடனே பேசத் தொடங்குவார்கள். இரண்டாம் படத்தில் குடை சிறுமியின் கையில் இருக்கிறது, மூன்றாவதில் நாய்க்குட்டியின் மேல் இருக்கிறது. நடுவில் அவள் ஒரு முடிவு எடுத்திருக்கிறாள். ஏன் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு குடையோடு வீட்டுக்குப் போகவில்லை? என் வகுப்பில் இந்தக் கேள்வியை ஒரு குழந்தைதான் முதலில் கேட்டது. "அது பயந்து பின்னால் போயிருக்கும்" என்றது ஒரு பதில். "பை கனமாக இருந்தது" என்றது இன்னொன்று. "தாய் நாய் தேடி வரும், அதனால் அங்கேயேதான் இருக்க வேண்டும்" என்றது மூன்றாவது. மூன்று பதில்களும் படத்தோடு முரண்படவில்லை, ஆகவே மூன்றுமே சரி. மூன்று வெவ்வேறு கதைகள் அங்கேயே பிறந்துவிட்டன.

ஒரு பதிலை ஏற்கலாமா என்பதற்கு ஒரே அளவுகோல் போதும்: அது நான்கு படங்களில் எதையாவது பொய்யாக்குகிறதா என்று பாருங்கள். "அவள் நாய்க்குட்டியை வீட்டுக்கு எடுத்துப் போனாள்" என்று ஒருவர் சொன்னால், தவறு என்று சொல்லாமல் நான்காம் படத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே அவள் கைகள் வெறுமையாக இருக்கின்றன.

கடைசி ஐந்து நிமிடத்தில், இருவர் இருவராகத் தங்கள் கதையை ஒருவருக்கொருவர் ஒருமுறை முழுதாகச் சொல்லட்டும். பேச்சு வழக்கில் சொன்னால் திருத்த வேண்டாம், எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்.

6. எழுதுதல் (40 நிமிடம்)

எண் இட்ட தாளைக் கொடுத்து, மொத்தம் 12 முதல் 15 வாக்கியங்கள் என்று சொல்லுங்கள். அவற்றை நான்கு படங்களுக்கும் சமமாகப் பிரிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் படத்துக்கு இரண்டு வாக்கியங்கள் போதும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவிலுள்ள இடைவெளி அதிக வாக்கியங்களைப் பெறட்டும். படத்துக்கு மூன்று வாக்கியம் என்று பங்கு போட்டுக் கொடுத்தால், நடப்பதையும் முடிவெடுப்பதையும் ஒரே கனத்தில் எழுதிவிடுகிறார்கள்.

"படத்தில்" என்ற சொல் ஏட்டில் எங்கும் வரக்கூடாது என்பது முதல் விதி. சிறுமிக்கு முதல் வாக்கியத்திலேயே பெயர் வைக்க வேண்டும் என்பது இரண்டாவது. நடந்து முடிந்தது போல், அதாவது இறந்தகாலத்தில் எழுத வேண்டும் என்பது மூன்றாவது. "நடக்கிறாள்" என்று தொடங்கிய குழந்தை மறுபடியும் படத்தை வருணிக்கத் திரும்பிவிடுகிறது. "நடந்தாள்" என்று தொடங்கினால் அடுத்து என்ன ஆயிற்று என்று தானாகவே போகிறது. மூன்று விதிகளுக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

நம் மொழியில் இந்த எழுத்துக்கே உரிய மூன்று தடுமாற்றங்களை நீங்கள் முன்கூட்டியே எதிர்பார்க்கலாம். முதலாவது, "அது". குடையும் அது, நாய்க்குட்டியும் அது. "அவள் அதை அதன் மேல் வைத்தாள், அது நடுங்கியது" என்று ஒரு குழந்தை எழுதியிருந்தது. நடுங்கியது எது என்று அந்தக் குழந்தைக்குத் தெரியும், படிப்பவருக்குத் தெரியாது. இரண்டு அஃறிணைப் பொருள்கள் ஒரே இடத்தில் வரும்போது பெயரையே திரும்ப எழுதுவது தவறில்லை என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, "அப்புறம்", "பிறகு" என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் தொடங்குவது. அவற்றைத் தடை செய்வதைவிட மாற்று கொடுப்பது பலன் தருகிறது. "பார்த்ததும்", "நின்றபோது", "நனைந்ததால்" என்னும் மூன்று வடிவங்களைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வையுங்கள். ஒவ்வொன்றையும் கதையில் ஒருமுறையாவது பயன்படுத்தட்டும். இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. "குடையை விரித்து நடந்தாள்" என்பது சரி, விரித்தவளும் நடந்தவளும் ஒருத்தியே. "மழை பெய்து மலர் ஓடினாள்" என்று எழுதினால் இடறுகிறது, பெய்தது மழை, ஓடியது மலர். செய்பவர் மாறும் இடத்தில் "மழை பெய்ததால்" என்று எழுதப் பழக்குங்கள். இலக்கணப் பெயர் எதையும் சொல்லாமல், "இரண்டையும் செய்தது ஒரே ஆளா?" என்று கேட்டாலே இந்த வயதுக் குழந்தைகள் பிடித்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, வினைமுடிவு. நாய்க்குட்டிக்குப் பெயர் வைத்த உடனே "மணி நடுங்கினான்" என்று எழுதத் தொடங்குவார்கள், அடுத்த வரியிலேயே "நாய்க்குட்டி பார்த்தது" என்று வரும். அவன் என்றாலும் அது என்றாலும் கதை முழுவதும் ஒன்றாக இருக்கட்டும். பேச்சில் வரும் "வந்துச்சு", "போயிருச்சு" என்பவை "வந்தது", "போய்விட்டது" என்று ஏட்டில் வர வேண்டும். ஆனால் இதைத் திருத்த எழுதும் குழந்தையை நடுவில் நிறுத்த வேண்டாம், அது மூன்றாம் நாள் வேலை.

நீங்கள் எழுதிய மாதிரிக் கதையை இந்த நாளில் காட்டாதீர்கள். நான் ஒருமுறை காட்டினேன். எல்லா ஏடுகளிலும் என் கதையே திரும்பி வந்தது. எல்லோரும் எழுதி முடித்தபின், வகுப்பே சேர்ந்து சொல்லச் சொல்லக் கரும்பலகையில் நான் எழுதிய கதை இது. வாக்கியங்களின் பங்கீட்டைப் பார்ப்பதற்காக முழுவதையும் தருகிறேன்.

> பள்ளி முடிந்து மலர் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள். வானம் இருண்டிருந்ததால் பையிலிருந்த குடையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.
>
> பாதி வழியில் மழை கொட்டத் தொடங்கியது. மலர் குடையை விரித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். சுவரோரம் மெல்லிய முனகல் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது ஒரு நாய்க்குட்டி நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது.
>
> மலர் தூக்கப் போனதும் நாய்க்குட்டி பயந்து பின்வாங்கியது. அவள் குடையைப் பார்த்தாள். வீட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது. நாய்க்குட்டியின் மேல் மழை படாதபடி குடையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். "இங்கேயே இரு" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.
>
> வாசலை அடைந்தபோது அவள் உடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "குடை எங்கே?" என்று அம்மா கேட்டார். மலர் மழையைத் திரும்பிப் பார்த்தாள்.

மொத்தம் 14 வாக்கியங்கள்: 2, 4, 5, 3 என்று பங்கிடப்பட்டிருக்கின்றன. மூன்றாம் பத்தியின் முதல் மூன்று வாக்கியங்களுக்கு எந்தப் படமும் இல்லை; அவை வெற்றுத் துண்டிலிருந்து வந்தவை. "மலருக்கு இரக்கம் வந்தது" என்று எழுதலாமா என்று வகுப்பில் விவாதம் நடந்தது. அவள் குடையைப் பார்த்தாள் என்பதே போதும் என்று பெரும்பாலோர் சொன்னார்கள். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. எழுத விரும்பிய குழந்தைகளைத் தடுக்கவில்லை.

7. திருத்துதல் (40 நிமிடம்)

ஏடு முழுவதையும் சிவப்பு மையால் நிரப்பாதீர்கள். ஒவ்வோர் ஏட்டிலும் இரண்டு இடங்களை மட்டும் அடிக்கோடிடுங்கள்: ஒன்று கதை தொடர்பானது, இன்னொன்று மொழி தொடர்பானது. கதை தொடர்பானதைக் கேள்வியாக எழுதுங்கள், "குடை எப்படி அங்கே போயிற்று?" என்று ஓரத்தில் எழுதினால், குழந்தை அந்த இடத்தில் இரண்டு வாக்கியங்களைச் சேர்க்கும். இப்படிப் பார்த்தால் ஓர் ஏட்டுக்கு மூன்று நிமிடம் ஆகும். 30 ஏடுகளுக்கு ஒன்றரை மணி நேரம். இரண்டாம் நாள் மாலையில் இந்த நேரத்தை ஒதுக்கி வைத்துக்கொள்ளாவிட்டால் மூன்றாம் நாள் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் குழந்தைகள் தங்கள் கதையையே மறந்துவிடுகிறார்கள்.

எந்தக் கதை வந்திருக்கிறது, எது வரவில்லை என்று அறிய, படத்தாளை மூடி வைத்துவிட்டு ஏட்டை மட்டும் படியுங்கள். படம் இல்லாமலே யார், எங்கே, என்ன, ஏன் என்று உங்களுக்குப் புரிந்தால் அது கதை. இடையில் படத்தைத் திறந்து பார்க்கத் தோன்றினால், அந்த இடத்தில்தான் அடிக்கோடு விழ வேண்டும். மூன்றாம் நாளில் குழந்தைகளும் ஏடுகளை மாற்றிக்கொண்டு இதையே செய்யட்டும். வேறொரு வகுப்பு மாணவரிடம் படித்துக் காட்டினால் இன்னும் நல்லது, ஏனென்றால் அவர் படங்களைப் பார்த்திருக்க மாட்டார்.

"அனைவரும் மகிழ்ச்சியாக இருந்தனர்" என்ற முடிவு பத்துப் பன்னிரண்டு ஏடுகளிலாவது வரும். அதை அடித்துவிடாமல், அதற்கு முந்தைய வாக்கியத்தோடு கதையை நிறுத்திப் படித்துக் காட்டி, எது நன்றாக இருக்கிறது என்று எழுதியவரையே கேளுங்கள்.

அடுத்த தொகுப்பை இரண்டு வாரம் கழித்து எடுங்கள். அப்போது நான்காம் படத்தை உறையில் போடாமல் மூன்றை மட்டும் கொடுத்து, கடைசி இடத்தில் வெற்றுத் துண்டை வையுங்கள்.